செம்பரம்பாக்கம் திறந்தாச்சுன்னு சுத்துற வீடியோ: பழசா, வேற ஊரா? எப்படிப் பார்க்கிறீங்க?

குன்றத்தூர் வடகரை:
ஐப்பசி மழை பிடித்துவிட்டாலே "ஏரியைத் திறந்துட்டாங்க, அடையாறு ஓரம் இருக்கிறவங்க கிளம்புங்க" என்று ஒரு வீடியோ வந்துவிடுகிறது. இப்போது சுற்றுவது 28 வினாடி. மதகுகள் வழியாகத் தண்ணீர் நுரைத்துக் கொட்டுகிறது, ஒருவர் தமிழில் பதறிப் பேசுகிறார். இதையே எடுத்துக்கொண்டு, அவரவர் எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பல்லாவரம் 43:
இதுல என்ன கஷ்டம்? ஃபைல் பேரைப் பாருங்க. எனக்கு வந்தது `VID-20241015-WA0014.mp4`. தேதி அதிலேயே இருக்கு. அன்னிக்கு எடுத்ததுதான்.

மழைக்குறிப்பு:
அந்தத் தேதி வீடியோ எடுத்த நாள் இல்லைங்க, உங்க போனுக்கு வந்து இறங்கின நாள். பத்து வருஷத்துக்கு முந்தின வீடியோவை இன்னிக்கு ஒருத்தர் அனுப்பினாலும் இன்றைய தேதிதான் விழும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது கேமரா பதிந்த நாளும் இடமும் போய்விடும். அதனால் ஃபைலின் விவரப் பக்கத்தைத் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது.

ஆனால் அந்தப் பெயருக்கு வேறொரு உபயோகம் உண்டு. குழுவில் யாராவது ஒருவர் கேலரியில் இதே வீடியோ 2022 தேதியோடு கிடந்தால், அது இந்த மழையில் எடுத்ததில்லை என்று அங்கேயே முடிந்தது. புதுசு என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி ஆகாது. பழசு என்பதற்கு ஆகும். எனவே முதலில் குழுவில் "பழைய போனில் யார்கிட்டயாவது இருக்கா" என்று கேளுங்கள். தேடுபொறியை விட இது சில சமயம் சீக்கிரம் பலன் தரும்.

பல்லாவரம் 43:
சரி, ஒத்துக்கறேன். அப்ப கூகுள் லென்ஸ்ல போட்டா போதுமே? போட்டேன். "அணை", "வெள்ளம்"னு நூறு படம் வருது, இது மட்டும் வரலை.

மழைக்குறிப்பு:
எந்தக் காட்சியைப் போட்டீங்க என்பதில்தான் விஷயம். தண்ணீர் கொட்டுகிற காட்சியைப் போட்டிருப்பீங்க. நுரை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீரை விட்டுவிட்டு அசையாத பொருள் தெரிகிற காட்சியைப் பிடிக்கணும்: மதகைத் தூக்கும் இரும்புச் சட்டம், பாலத்துக் கைப்பிடி, ஓரத்தில் உள்ள கட்டடம், பின்னால் தெரிகிற மலைக்கோடு.

கணினி இருந்தால் வினாடிக்கு ஒரு படமாகப் பிரித்துக்கொள்ளலாம்:

```
ffmpeg -i video.mp4 -vf fps=1 padam_%03d.png
```

28 வினாடிக்கு ஏறக்குறைய 28 படம் வரும். அதில் கேமரா ஆடாமல் நிற்கிற மூன்று நான்கு போதும். கீழே ஓடுகிற எழுத்துப் பட்டை, மூலையில் இருக்கிற சேனல் முத்திரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் லென்ஸ் அந்த எழுத்தைப் படித்துக்கொண்டு அதே வதந்தியைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். லென்ஸில் கிடைக்காதது சில நேரம் யாண்டெக்ஸில் கிடைக்கும். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். ஒன்றுமே வராவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பிடிபடாமல் இருக்கவே சிலர் திருப்பிப் போடுகிறார்கள்.

இந்த வீடியோவில் 9ஆவது வினாடியில் கேமரா மேலே ஏறுகிறது. அந்தப் படத்தை வெட்டிப் போட்டதில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய பதிவுகள் இரண்டு கிடைக்கின்றன.

குன்றத்தூர் வடகரை:
அந்த 9ஆவது வினாடிக்குத் தேடலே வேண்டியதில்லை. பின்னால் பாறை மலை தெரிகிறது. செம்பரம்பாக்கம் சமவெளியில் மண்கரை போட்ட ஏரி. மதகுகள் 5 கண் ஒரு இடம், 19 கண் ஒரு இடம். வீடியோவில் இருப்பது உயரமான கான்கிரீட் சுவர். தண்ணீர் பல மாடி உயரத்திலிருந்து விழுகிறது. நம்ம ஏரியின் முழுக் கொள்ளளவு ஆழமே 24 அடிதான், அப்படி விழ அங்கே உயரமே கிடையாது. தண்ணீர் ஷட்டருக்கு அடியிலிருந்து பீறிக்கொண்டு கால்வாயில் ஓடும், அவ்வளவுதான்.

மணப்பாக்கம் மாடிவீடு:
எல்லாரும் பேசறீங்க, ஒருத்தரும் பதில் சொல்லலை. நாங்க ஆத்தோரம் இருக்கோம். இப்ப கிளம்பணுமா வேண்டாமா?

குன்றத்தூர் வடகரை:
அம்மா, அதை எந்த வீடியோவை வைத்தும் முடிவு பண்ணாதீங்க, பொய் வீடியோ என்று தெரிந்த பிறகும் கூட. மெட்ரோ வாட்டர் தளத்தில் தினமும் ஏரி மட்டம் போடுகிறார்கள். செம்பரம்பாக்கம் வரியில் இருப்பு, வரத்து, வெளியேற்றம் மூன்றையும் பாருங்கள். மொத்தக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. இருப்பு அதை நெருங்கி, வரத்தும் ஏறிக்கொண்டே போனால் திறக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். 2015 டிசம்பரில் வெளியேற்றம் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. சில நூறு கன அடி திறப்பதும் அதுவும் ஒன்றல்ல.

இன்னொன்று. ஏரியைத் திறக்காமலே அடையாறு நிரம்பும். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் தனியாக வருகிறது. செம்பரம்பாக்கம் உபரி திருநீர்மலை அருகேதான் வந்து சேர்கிறது. அதனால் மாவட்ட நிர்வாகம் கிளம்பச் சொன்னால் உடனே கிளம்பிடுங்க.

தாம்பரம் கிழக்கு:
எங்க குடியிருப்போர் குழுவில் முதலை ரோட்டைக் கடக்கிற வீடியோ வந்திருக்கு. கண்டிப்பா எடிட்தானே?

மழைக்குறிப்பு:
இல்லைங்க, அது நிஜம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் சாலையில் எடுத்தது, அப்போது செய்திகளில் வந்தது. உங்க ஊர்தான், முதலையும் உண்மைதான், இப்போது நடந்ததில்லை. சரிபார்க்கக் கஷ்டமானது இந்த ரகம்தான், ஏனென்றால் படத்தில் பிழையே இருக்காது.

ஒலிப்பெட்டி:
28 வினாடி வீடியோவின் குரலை யாரும் தொடவில்லையே. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கேமரா தண்ணீர்ப் பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடணும், விலகும்போது குறையணும். இதில் கேமரா எங்கே திரும்பினாலும் சத்தம் ஒரே அளவு. பேசுபவர் மூச்சு மட்டும் கேட்கிறது, காற்று மைக்கில் அடிக்கவே இல்லை. மூடின அறையில் பேசி மேலே ஒட்டியது. அந்த இரண்டு பழைய பதிவுகளிலும் இந்தத் தமிழ்க் குரல் கிடையாது, வெறும் நீர் இரைச்சல்தான்.

பல்லாவரம் 43:
படத்தைப் போட்டா எடிட் செஞ்ச இடம் மட்டும் பளிச்சுன்னு காட்டற தளம் இருக்கே, அதுல போட்டா?

ஒலிப்பெட்டி:
வாட்ஸ்அப்பில் பலமுறை சுருங்கி வந்த படத்தில் அது எழுத்து ஓரங்களையும் வானத்தையும் கூடப் பளிச்சென்று காட்டும், நம்ப முடியாது. எடிட்டை நிரூபிக்க நல்ல வழி அசலைப் பிடிப்பதுதான். 2015 வெள்ளத்தில் பிரதமர் விமானத்திலிருந்து சென்னையைப் பார்க்கும் படத்தில் ஜன்னல் காட்சியை மாற்றி ஒட்டி பத்திரிகைத் தகவல் மையம் வெளியிட்டதே, அதுவும் அசல் படத்தைப் பக்கத்தில் வைத்ததும்தான் வெளிச்சமானது. பிறகு நீக்கிவிட்டார்கள்.

மழைக்குறிப்பு:
இதுவரை நிற்பது இவ்வளவு: குறைந்தது இரண்டு வருஷப் பழசு, செம்பரம்பாக்கம் இல்லை, குரல் ஒட்டியது. எந்த அணை என்பது தெரியவில்லை. பழைய பதிவு ஒன்று ஆந்திரம் என்கிறது, இன்னொன்று கேரளம் என்கிறது. இரண்டிலும் ஆதாரம் இல்லை. 9ஆவது வினாடிப் படத்தில் வலது ஓரம் மஞ்சள் பெயின்ட் அடித்த ஷட்டர் தூக்கி இருக்கிறது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.