தாராவி ஷூட்டிங்: ரிலீஸ் ஃபார்ம், வீட்டுக்கு அனுமதிக் கடிதம் – அவசர உதவி

செல்வம்_தாராவி: சனிக்கிழமை ஷூட்டிங். இட்லி போட்டு விக்கிற குடும்பம், அவங்க வீட்லயே எடுக்கிறோம், நடிக்கிறதும் அவங்கதான். நெட்ல கிடைச்ச இங்கிலீஷ் ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினா போதுமா?

மீனா_சயான்: கதைப்படமா, ஆவணப்படமா? யார் யார் நடிக்கிறாங்க, என்ன வயசு? வீடு சொந்தமா, வாடகையா?

பாண்டி_கேமரா: 500 ரூபா முத்திரைத்தாள்ல எழுதுங்க. வெள்ளைத்தாள்ல எழுதினா செல்லாது.

பழைய_கை: ஷூட்டிங்குக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் படிவம் ஞாபகம் வருது. லொகேஷன் பார்க்கப் போன அன்னைக்கே கேட்டிருக்கணும் தம்பி.

செல்வம்_தாராவி: கதைதான். பாட்டி, மருமக, 12 வயசுப் பேரன். வாடகை வீடு. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மீனா_சயான்: அப்போ இங்கிலீஷ் ஃபார்ம் வேண்டாம். "எனக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியாது"ன்னு பாட்டி பின்னாடி சொன்னா அந்தத் தாள் நிக்காது. தமிழ்ல ஒரே பக்கமா எழுதுங்க. படத்தோட பேரு, எந்தத் தேதி, முகமும் குரலும் எங்கெங்க வரும் (திரைப்பட விழா, யூடியூப், ஓடிடி), எவ்வளவு பணம். கடைசியில இந்த வரி கண்டிப்பா இருக்கணும்: "மேலே உள்ளதை எனக்குத் தமிழில் வாசித்து விளக்கினார்கள், புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்." கைரேகை வாங்கி, வாசிச்சவரும் உங்க யூனிட்டைச் சேராத ஒரு சாட்சியும் கையெழுத்துப் போடணும்.

பேரன் கையெழுத்து ஒப்பந்தமா நிக்காது, அப்பாவோ அம்மாவோ போடணும். அதோட முடியல. கதைப்படத்துல 14 வயசுக்குக் கீழ உள்ள பையன் நடிச்சா மாவட்ட மாஜிஸ்திரேட்கிட்ட முன்அனுமதி வாங்கணும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாம தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள அனுமதி கைக்கு வராது.

கார்த்தி_மாட்டுங்கா: சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கும் வீட்டு ஓனர் மாதிரி ஸ்டேஷன் மாஸ்டர் லெட்டர் போதுமா?

மீனா_சயான்: போதாது, ரயில்வே நிர்வாகத்தோட அனுமதி தனி. பாண்டி அண்ணா, முத்திரை இல்லைங்கிறதால மட்டும் ஒப்பந்தம் செல்லாம போகாது. முத்திரை வேண்டிய ஆவணமா இருந்தா, கோர்ட்ல சாட்சியமா வைக்கும்போது தீர்வையும் அபராதமும் கட்டச் சொல்வாங்க. அதைவிட முக்கியம் பணம். ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் பொதுவா நிக்காது. அதனால ஒரு தொகை கொடுத்து ரசீது வாங்குங்க.

பாண்டி_கேமரா: பணம் கொடுத்தா அடுத்த வீட்டுக்காரங்களும் கேப்பாங்க. சும்மா நடிக்கச் சம்மதிச்சவங்களுக்கு எதுக்கு?

பழைய_கை: அவங்க அன்னைய வியாபாரத்தை நிறுத்தி வெச்சிட்டு "சும்மா"ன்னா எப்படி? வாடகை வீட்டைப் பத்தி யாரும் பேசலையே. குடியிருக்கிறவங்க கையெழுத்து மட்டும் போதாது, ஓனர் வந்து நடுவுல நிறுத்திடுவார். ரெண்டு பேர்கிட்டயும் வாங்கு. எந்த அறை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை ஆள், கரன்ட் யாரோடது, எதாவது உடைஞ்சா யார் பொறுப்பு, எல்லாம் கடிதத்துல வரணும். சந்துல ட்ரைபாட் வெச்சா அது வீட்டுக் கடிதத்துக்குள்ள வராது. மாநகராட்சியையும் போலீஸ் ஸ்டேஷனையும் பார்க்கணும்.

செல்வம்_தாராவி: பாட்டி, மருமக படிவம் தமிழ்ல வாங்கியாச்சு. பையன் சீனைத் தள்ளி வெச்சிட்டேன். ஓனர் நாசிக்ல இருக்கார், போன் எடுக்கல. நன்றிக்கா.