மாச சர்ன் 5%னா ஒரு கஸ்டமர் 20 மாசம் இருப்பார்தானே?

எண்ணெய்க்கடை: ஆன்லைன்ல செக்கு எண்ணெய் விக்கிறேன். சராசரி ஆர்டர் 600 ரூபா, மாசம் ஒருதடவை வாங்குறாங்க, மாச சர்ன் 5%, அதாவது மாசம் நூத்துல அஞ்சு பேர் வாங்குறத நிறுத்திடுறாங்க. `1 / 0.05 = 20` மாசம், அப்ப ஒரு கஸ்டமர் மதிப்பு 12,000. ஒரு ஆளைப் பிடிக்க விளம்பரத்துக்கு 1,500 போடுறேன்னா ஏன் எல்லாரும் பதறுறீங்க?

அண்ணாச்சி77: தம்பி, 12,000 வியாபாரம், லாபம் இல்ல. கடலை, பாட்டில், கூரியர் போக 600ல கையில என்ன நிக்கும்?

எண்ணெய்க்கடை: 150. அப்பவும் 20 மாசத்துக்கு 3,000 வருதே அண்ணாச்சி.

கணக்குப்பிள்ளை: அந்த 20 மாசம்தாங்க தப்பு. மொத்த லிஸ்டையும் போட்டு 5% எடுத்திருக்கீங்க, அதுல முக்காவாசி வருஷக்கணக்கா வாங்குற பழைய ஆளுங்க, அவங்க எங்க போகப்போறாங்க. விளம்பரம் பாத்து வர்றது புது ஆளு. ஜனவரில புதுசா வந்தவங்கள மட்டும் பிரிச்சு மாசாமாசம் எத்தன பேர் வாங்கினாங்கன்னு எண்ணுங்க.

எண்ணெய்க்கடை: எண்ணிட்டேன். 100 பேர் வந்தாங்க, ரெண்டாவது மாசம் 55, அப்புறம் 42, 37, 34, 32. அதுக்கப்புறம் மாசம் ஒரு ஆள்தான் குறையுது, டிசம்பர்ல 26. பாத்தீங்களா, 5% கூட இல்ல!

கணக்குப்பிள்ளை: முதல் மாசமே 45 பேர் ஓடினது கண்ணுக்குத் தெரியலயா? கூட்டுங்க. வருஷத்துக்கு 471 ஆர்டர், ஆளுக்கு 4.7. உங்க 5% நெசம்னா 9 வந்திருக்கணும். 4.7ஐ 150ஆல பெருக்கினா 700 சொச்சம்தான், நீங்க போட்டது 1,500.

டின்வாசு: நான் நாலு மாசத்துக்கு ஒரு 5 லிட்டர் டின் வாங்குறவன். உங்க ரெண்டு பேர் கணக்குலயும் நான் மூணு மாசம் செத்துப்போய் நாலாவது மாசம் எந்திரிச்சு வர்றேன். வாங்காதவன் எல்லாம் போயிட்டவனா?

ஜிம்மாஸ்டர்: எங்க ஜிம்ல இந்தக் குழப்பமே இல்ல, சந்தா நிறுத்தினாப் போயிட்டான். ஃபார்முலா கரெக்டா வேலை செய்யுது.

கணக்குப்பிள்ளை: ஜிம்முக்கு சந்தா இருக்கு மாஸ்டர், எண்ணெய்க்கு எவன் சொல்லிட்டு நிறுத்துறான்? டின் ஆளுங்கள தனியாத்தான் எண்ணணும், அதுக்காக 20 மாசம் சரியாயிடாது.

எண்ணெய்க்கடை: மிச்சம் 26 பேர் இருக்காங்களே, அவங்க வாங்கிட்டே இருப்பாங்க. தீபாவளி காம்போ அப்பவும் நஷ்டம்னுதான் சொன்னீங்க, வித்துத் தீந்துச்சு.

கணக்குப்பிள்ளை: காம்போல லாபம் எவ்ளோன்னு இன்னிவரைக்கும் நீங்க சொல்லல. சரி, அந்த 26 பேர்ல மாசம் 4% வீதம் குறையுறாங்கன்னே வைங்க, கடைசியா ஆளுக்கு 1,600 சொச்சம் வரும். ஆனா போட்ட 1,500 திரும்பவே கிட்டத்தட்ட அஞ்சு வருஷம். அதுவரைக்கும் கடலை மண்டிக்காரர் கடன் குடுப்பாரா?

எண்ணெய்க்கடை: 1,600னா 1,500ஐ விட ஜாஸ்திதானே! நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க.

அண்ணாச்சி77: அஞ்சு வருஷம்னு எழுதியிருக்காரு, அதைப் படிச்சியா தம்பி?

டின்வாசு: என் டினுக்கு யாரும் பதில் சொல்லல.