வள்ளியம்மாள் இல்லம்: கார்த்திக்கை எத்தனை மணிக்கு அழைப்பது?

சாந்தி: ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்கு அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் மாங்கல்ய தாரணம். அப்போது கார்த்திக் வீடியோ அழைப்பில் வர வேண்டும். அவனுடைய கப்பல் செவ்வாய்க்கிழமை பூசானிலிருந்து லாங் பீச்சுக்குப் புறப்பட்டுவிட்டது. அங்கே அப்போது மணி என்னவாக இருக்கும்?

பாலு மாமா: கப்பல்களில் எப்போதும் கிரீன்விச் நேரம்தான். ஐந்தரை மணியைக் கழித்துவிடு. விடியற்காலை 5 மணி. பையன் தூங்கிக்கொண்டிருப்பான்.

முத்தையா சித்தப்பா: மாப்பிள்ளை, பாதி சரி. கிரீன்விச் காட்டும் கடிகாரம் மாலுமி மேடையில் ஒன்று தனியாக இருக்கும். விண்மீன் பார்த்து இடம் கணிக்கவும், வானொலிப் பதிவேட்டுக்கும் அதுதான். ஆனால் சாப்பாடும் காவல் முறையும் கப்பலின் சொந்த நேரப்படி நடக்கும். 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி என்பது கணக்கு. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த வடக்குப் பாதையில் 20 நாட் வேகத்தில் போனால் நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை கிழக்கே நகரும். எனவே கிட்டத்தட்ட ஒவ்வோர் இரவும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ள வேண்டியிருக்கும். என்றைக்குத் தள்ளுவது என்பது கேப்டனின் முடிவு.

பாலு மாமா: கூகுளில் அப்படிப் போட்டிருக்கவில்லை.

சாந்தி: சித்தப்பா, ஒரு மணி தள்ளினால் அந்த நேரத்தில் காவலில் இருப்பவருக்கு மட்டும் வேலை குறையுமா?

முத்தையா சித்தப்பா: அந்தச் சண்டை வரக்கூடாது என்றுதான் நாங்கள் மூன்று காவலுக்கும் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்வோம். ஆனாலும் கிழக்கே போகும்போது நாளுக்கு 23 மணி நேரந்தான். கெடுவது எல்லாருடைய தூக்கமும். மேற்கே வரும்போது எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள்.

நிலா: தென் துருவத்தில் அமெரிக்கர்கள் வைத்திருக்கும் நிலையத்தில் நியூசிலாந்து நேரம் பார்க்கிறார்களாம், தாத்தா. எல்லாத் தீர்க்கரேகைகளும் அங்கே சேர்ந்துவிடுவதால் 15 பாகைக் கணக்குப் பயன்படாது. சூரியனும் ஆண்டுக்கு ஒரே முறைதான் உதிக்கும். விமானமும் சரக்கும் கிறைஸ்ட்சர்ச் வழியாக வருவதால் அந்த ஊர் மணியையே வைத்துக்கொண்டார்கள்.

முத்தையா சித்தப்பா: சரியாகச் சொன்னாய். விண்வெளி நிலையத்திலும் சூரியனை நம்ப முடியாது. ஒரு நாளில் 16 முறை உதிக்கிறது. ஹூஸ்டனும் மாஸ்கோவும் ஒரு பொது நேரத்துக்கு வர வேண்டியிருந்ததால் அங்கே கிரீன்விச். பாலு சொன்னது அந்த நிலையத்துக்குப் பொருந்தும்.

பாலு மாமா: நன்றி. என்னை விண்வெளிக்கே அனுப்பிவிட்டீர்கள்.

பெரியம்மா: கார்த்திக்குக்கு எத்தனை மணி என்று யாராவது சொல்லுங்கள். சாந்தியின் வளைகாப்பில் அவனை நடுராத்திரியில் எழுப்பினீர்கள். யார் எழுப்பியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முத்தையா சித்தப்பா: அண்ணி, நம் 10.30 என்பது கிரீன்விச்சில் காலை 5. ஞாயிற்றுக்கிழமை கப்பல் தேதிக்கோட்டை ஒட்டி வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கிரீன்விச்சோடு 12 கூட்ட வேண்டும்: ஞாயிறு மாலை 5. கேப்டன் சனிக்கிழமை இரவே தேதியை மாற்றிவிட்டால் 12 கழிக்க வேண்டும்: சனி மாலை 5. அதாவது அவர்களுக்கு இரண்டு சனிக்கிழமை. இரண்டாவதில்தான் நம் கல்யாணம். இரண்டிலும் மணி 5 என்பதால் முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தேதியைத்தான் கேட்க வேண்டும். எங்கள் கப்பலில் ஞாயிறு இரண்டு முறை வர வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்வோம், பிரியாணிக்காக.

பெரியம்மா: ஞாயிறு மாலை 5 மணி ராகு காலம் ஆயிற்றே!

சாந்தி: பெரியம்மா, தாலி தூத்துக்குடியில் கட்டுகிறோம், கப்பலில் இல்லை.

பெரியம்மா: ஆசி வாங்குகிற பிள்ளை அங்கேதானே இருக்கிறான். கேப்டனிடம் சனிக்கிழமையாக வைக்கச் சொல்ல முடியுமா?

பாலு மாமா: கேட்டுப் பார்க்கலாம், அக்கா 😄

முத்தையா சித்தப்பா: கார்த்திக் செகண்ட் ஆபீஸர்; காவல் 12 முதல் 4 வரை. 5 மணிக்கு ஓய்வாகத்தான் இருப்பான். சாந்தி, அவனுக்கு "கிரீன்விச் 05.00" என்று மட்டும் எழுது. கைப்பேசியைப் பார்த்துச் சொல்லாதே என்றும் எழுது. கோபுரம் இல்லாத கடலில் அது பூசான் நேரத்திலேயே நின்றுபோயிருக்கலாம்.

சாந்தி: எழுதிவிட்டேன். சமையல்காரர் பந்தியை 11.30-க்கு என்கிறார், அதைப் பிறகு பேசுவோம்.

கார்த்திக்: 05.00 கிடைத்தது. தேதி மாற்றம் பற்றி கேப்டன் இன்னும் பலகையில் எழுதவில்லை. இன்றிரவு மறுபடி ஒரு மணி தள்ளுகிறோம், எனக்குத் தூக்கம் வருகிறது.

பெரியம்மா: தூங்கு, ராசா. ராகு காலத்தைப் பற்றி நான் ஜோசியரிடம் கேட்டுச் சொல்கிறேன்.