ஃபேட் மார்ஜினுக்கு என்ன சொல்?

மதிவாணி:
இரு கட்டடங்களுக்கிடையே கம்பியில்லா இணைப்பு நிறுவுவோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மழை, காற்றில் இணைப்பு அறுந்தால் என்ன பார்ப்பது என்ற இயலில், குறிகை மெலிந்தாலும் இணைப்பு அறாதிருக்கக் கையில் வைக்கும் உபரியான ஃபேட் மார்ஜின் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பழைய வரைவில் 'மங்கல் விளிம்பு' என்றிருக்கிறது. கூரையில் நிற்பவர் இதைப் படித்தால் ஆன்டெனாவின் ஓரத்தைத் துடைக்கப் போய்விடுவார். மாற்றுச் சொல் சொல்லுங்கள்.

செந்தில்:
மழை அலையை விழுங்குவதுதானே விஷயம்? 'மழையிழப்பு' போதும். எங்கள் வீட்டு டிஷ்ஷிலும் பெருமழையில் படம் நின்றுவிடுகிறது.

அருள்:
செந்தில், நீங்கள் சொல்வது இழப்பு. மதிவாணி கேட்பது அந்த இழப்பைத் தாங்க நம்மிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. தவிர, உங்கள் டிஷ் 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வாங்குகிறது. கையேட்டில் இருப்பது 5.8. அங்கே கொட்டும் மழைகூடக் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவில்தான் தின்னும். 60 கிகாஹெர்ட்ஸ் என்றால் 30 வரை போகும், அது வேறு கதை.

கையேட்டின் எடுத்துக்காட்டையே பாருங்கள். தொலைவு 2 கிலோமீட்டர், வெளியில் ஆகும் இழப்பு ஏறத்தாழ 114 டெசிபெல். ஆன்டெனாவோடு சேர்த்து அனுப்பும் திறன் 36 dBm, அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு மேல் 36 டெசிபெல். வாங்கும் ஆன்டெனா தருவது 23 டெசிபெல்.

```
36 - 114 + 23 = -55 dBm
```

வாங்கும் கருவி வேண்டிய வேகத்தில் ஓட -75 போதும். ஆக 20 டெசிபெல் கையில் இருக்க வேண்டும். திரையில் தெரிவதோ -71. மிச்சம் நான்குதான். இரண்டு டெசிபெல் மழைக்குப் போய், காற்றில் கம்பம் சற்று அசைந்தால் தீர்ந்தது. பழி மட்டும் மழைக்கு.

புலவர் நக்கீரன்:
மிச்சம் என்பதற்கு 'எச்சம்' இருக்கிறதே! எஞ்சு என்ற வினையடி. பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் முடிக்கும் சொல்லை நோக்கி எஞ்சி நிற்பவை. குறளின் 'எச்சத்தாற் காணப்படும்' என்பதற்கு மக்கட்பேறு என்று ஒரு சாரார், புகழ் என்று ஒரு சாரார் உரை கண்டனர். 'மெலிவெச்சம்' என்க.

மதிவாணி:
ஐயா, ஆன்டெனாவில் எச்சம் குறைவு என்று எழுதினால் காக்கையைத்தான் தேடுவார்கள்.

கயல்:
கணக்கு ஏற்கெனவே வரவு செலவாகத்தான் இருக்கிறது. மீதிக்கு 'இருப்பு' இயல்பான சொல். மெலிவிருப்பு?

புலவர் நக்கீரன்:
மெலி விருப்பு என்று பிரித்தால் உடல் இளைக்கும் ஆசை.

கயல்:
சரி, 'மெலிவுக் கையிருப்பு'.

அருள்:
எனக்குச் சம்மதம். ஆனால் சொல்லைவிட அந்த 16 டெசிபெல் எங்கே போனது என்று கையேடு சொல்ல வேண்டும். இவ்வளவு குறைந்தும் இணைப்பு நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஆன்டெனாவின் முதன்மைக் கதிரை விட்டு, அதன் பக்கத்தில் கசியும் வலுக்குறைந்த பக்கக் கதிரில் பூட்டிவிட்டார்கள். ஒரு முனையை அசைக்காமல் வைத்து, மற்றதைக் கிடையாக மெல்ல, முழு வீச்சுக்கும் திருப்ப வேண்டும். திரையின் எண்ணில் சிறு மேடு, பள்ளம், பெரிய மேடு, பள்ளம், மீண்டும் சிறு மேடு என்று வரும். நடுவிலுள்ளதே வேண்டியது. முதலில் அகப்பட்ட மேட்டில் நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. பிறகு மேல்கீழ், பிறகு மறுமுனை. போல்ட்டை முறுக்கும்போது ஆன்டெனா நகரும். முறுக்கியபின் எண்ணை மறுபடி படிக்க வேண்டும்.

செந்தில்:
ஆனால் மழை நின்றபின்னும் பல மணிநேரம் குறைவாகவே இருந்தால்?

அருள்:
நல்ல கேள்வி. அது கனெக்டருக்குள் தண்ணீர், காய்ந்தால்தான் ஏறும். மழையால் மட்டும் குறைந்தது மழையோடு திரும்பிவிடும். காற்றுக்கு ஏற்பத் துள்ளினால் கம்பம் அல்லது பிடிப்பு தளர்வு. குறிகை அப்படியே இருக்க, இரைச்சல் அளவு மட்டும் ஏறியிருந்தால் இது எதுவுமில்லை, பிறர் அலைவரிசை இடையூறு. அப்போது சேனலை மாற்றலாம், அல்லது அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்குக் குறைக்கலாம். வேகம் போகும், இரைச்சல் 6 டெசிபெல் இறங்கும்.

புலவர் நக்கீரன்:
'இடையூறு' தீமை செய்வது. இயற்பியல் நூல்களில் உள்ளது 'குறுக்கீடு'.

அருள்:
ஐயா, அங்கே அது அலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து ஒளிப்பட்டைகள் தோன்றுவதற்கு. இங்கே தீமைதான் செய்கிறது.

மதிவாணி:
'மெலிவுக் கையிருப்பு' என்றே போடுகிறேன், அட்டவணைத் தலைப்பில் இடமில்லாததால் அங்கே வெறும் 'கையிருப்பு'. இடையூறு நிற்கட்டும்.

கயல்:
தலைப்பில் சுருக்கினால் கிடங்கில் எத்தனை ஆன்டெனா கையிருப்பு என்று படிப்பார்களே.

புலவர் நக்கீரன்:
எச்சத்துக்கு என் வாக்கு இருக்கிறது. இந்தக் கையேட்டில் ஆன்டெனாவை யாரும் இன்னும் தமிழாக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்க.