சிரப் லேபிளில் 250 மி.கி., சீட்டில் 180 மி.கி. எத்தனை மி.லி. கொடுப்பது? அவசரம்

கயல்_அம்மா (இரவு 9.40)
பாப்பாவுக்குக் காய்ச்சல். சீட்டில் டாக்டர் 180 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருக்கிறார். லேபிளைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன். அதில் 250 மி.கி. என்றும் 60 மி.லி. என்றும் இருக்கிறது. 180-ஐ 250-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 43.2 மி.லி. வருகிறது. ஒரே தடவையில் முக்கால் பாட்டிலா? சீக்கிரம் சொல்லுங்கள்.

தெற்குத்தெரு (9.43)
ஐயோ, 43 கொடுத்துவிடாதீர்கள்! 60 என்பது பாட்டிலில் இருக்கும் மொத்த மருந்து. என்ன மருந்து? பாப்பாவுக்கு எத்தனை வயது, எடை எவ்வளவு? எதுவுமே சொல்லவில்லையே.

எண்கணக்கு (9.45)
180-ஐ 250-ஆல் வகுத்தால் 0.72. அவ்வளவுதான், 0.72 மி.லி.

மருந்துக்கடை_மாரி (9.49)
அண்ணா, 250 மி.கி. ஒரு மி.லி.யில் இருந்தால்தான் 0.72 சரி. குழந்தைகள் சிரப்பில் பெரும்பாலும் 5 மி.லி.க்கு இத்தனை மி.கி. என்றுதான் போடுவார்கள். கயல் அம்மா, உங்கள் போட்டோவில் பிளாஷ் வெளிச்சம் சரியாக அந்த வரியின் மேல் விழுந்து வெள்ளையாகிவிட்டது. பிளாஷை அணைத்துவிட்டு, பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு படம் எடுங்கள். 'ஈச் 5 எம்எல் கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் வரி தெரிய வேண்டும். மருந்தின் பெயரும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

தணிகை (9.52)
லேபிளை முழுதாகப் படிக்காமலேயே கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். இதையே முன்பு இரண்டு தடவை விளக்கியிருக்கிறேன், தேடிப் படிக்கலாம். டாக்டர் மி.லி.யிலேயே எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வராது.

மருந்துக்கடை_மாரி (9.58)
அதுதான் ஆபத்து சார். பாராசிட்டமால் 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என்று இரண்டு அளவிலும் வருகிறது. 125-ஐ மனதில் வைத்து டாக்டர் 7.2 மி.லி. என்று எழுதி, கடையில் 250 பாட்டிலைக் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு 360 மி.கி. போய்விடும். மி.கி. எழுதியிருந்தால் எந்தப் பாட்டில் கைக்கு வந்தாலும் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

தணிகை (10.01)
இரவு நேரத்தில் ஒரு தாய் வகுத்தல் போடுவது மட்டும் ஆபத்து இல்லையா? மி.கி., மி.லி., எந்தப் பாட்டில் என்று மூன்றையும் எழுதட்டும்.

மருந்துக்கடை_மாரி (10.03)
மூன்றையும் எழுதினால் நல்லதுதான். எல்லாரும் எழுதுவதில்லையே.

சேலம்_செல்வி (10.04)
என் பையனுக்கும் இதே குழப்பம். தண்ணீர் கலக்கும் ஆன்டிபயாடிக் பொடி. 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்று இருக்கிறது, சீட்டில் 200 மி.கி. மட்டும். இதையும் வகுத்துவிடலாமா?

கயல்_அம்மா (10.06)
பாராசிட்டமால்தான். 2 வயது, 12 கிலோ. வேறு படம் போட்டிருக்கிறேன்.

மருந்துக்கடை_மாரி (10.11)
இப்போது தெளிவாகத் தெரிகிறது, 5 மி.லி.யில் 250 மி.கி. அப்படியானால் ஒரு மி.லி.யில் 50 மி.கி. 180-ஐ 50-ஆல் வகுத்தால் 3.6 மி.லி. சரியா என்று பார்க்க இன்னொரு வழி: உங்களுக்கு வேண்டியது 250-ஐவிடக் குறைவு, அதனால் விடையும் 5 மி.லி.க்குள்தான் இருக்க வேண்டும். 43 அங்கேயே அடிபட்டுப் போகிறது. டாக்டர் எழுதிய அளவும் பொருந்துகிறது, 12 கிலோவுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180.

பாட்டிலோடு வரும் மூடியில் 2.5-க்கும் 5-க்கும் நடுவே பெரும்பாலும் கோடு இருக்காது, அதில் 3.6 அளக்க முடியாது. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சை எடுங்கள். சின்னக் கோடு ஒவ்வொன்றும் 0.2, அதனால் 3-ஐத் தாண்டி மூன்றாவது கோடு. பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள், அடியில் மருந்து தங்கும். 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பாராசிட்டமால் கலந்த சளி மருந்து வேறு கொடுக்கிறீர்களா?

எண்கணக்கு (10.14)
5-ஐக் கவனிக்கவில்லை, என் தவறு. 0.72 கொடுத்திருந்தால் 36 மி.கி.தான் போயிருக்கும், காய்ச்சல் இறங்கியிருக்காது. ஆனால் சிரிஞ்சு எதற்கு? வீட்டு டீஸ்பூனும் 5 மி.லி.தானே, முக்கால் ஸ்பூன் கொடுத்தால் போதும்.

தெற்குத்தெரு (10.16)
எங்கள் வீட்டு டீஸ்பூனில் இப்போதுதான் தண்ணீர் ஊற்றி சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்று 3.4, இன்னொன்று 6 மி.லி. பிடித்தது. ஸ்பூனை நம்ப வேண்டாம்.

மருந்துக்கடை_மாரி (10.20)
செல்வி அக்கா, உங்களுடையதில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது. 200 மி.கி. அமாக்சிசிலின், 28.5 கிளாவுலனிக் அமிலம். சீட்டிலுள்ள 200 அமாக்சிசிலினை மட்டும் குறித்தால் 5 மி.லி., மொத்தத்தைக் குறித்தால் சுமார் 4.4. எது என்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். பொடியில் பாட்டிலின் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பிறகுதான் லேபிள் கணக்கு பொருந்தும்.

சேலம்_செல்வி (10.24)
கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஊற்றிவிட்டேனே?

கயல்_அம்மா (10.41)
கடைக்காரரிடமும் போனில் கேட்டேன், 3.6 என்றுதான் சொன்னார். கொடுத்துவிட்டேன். சளி மருந்து எதுவும் இல்லை. நன்றி.