பழைய கம்பெனி மூடியதை / இடம் மாறியதை இன்டர்வியூவில் எப்படிச் சொன்னீர்கள்? அனுபவங்கள்

அம்பத்தூர் மல்லி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் க்வாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். டிசம்பரில் மெஷின்களை மொத்தமாக ஓசூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். வீட்டில் மாமியாருக்கு டயாலிசிஸ், என்னால் போக முடியவில்லை.

போன வாரம் ஒரகடத்தில் ஒரு இன்டர்வியூ. "ஏன் விட்டீங்க?" என்ற கேள்விக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "டிசம்பரில் நிர்வாகம் எங்கள் யூனிட்டை ஓசூருக்கு மாற்றியது, குடும்பக் காரணத்தால் நான் போகவில்லை." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். மாமியார் கதையை எடுக்கவில்லை.

அவர் விடவில்லை. "எல்லாரும் போயிட்டாங்களா?" என்றார். சிலர் போனார்கள், பலர் போகவில்லை என்றேன். "ரிஜெக்‌ஷன் அதிகமாகி கஸ்டமர் போயிட்டாங்களோ?" என்று அடுத்த கேள்வி. க்வாலிட்டி ஆளிடம் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்! "இடம் மாற்றியது நிர்வாகத்தின் முடிவு சார், கஸ்டமர் அதே கஸ்டமர்தான்" என்றேன். அதற்கு அப்புறம் பேச்சு மைக்ரோமீட்டர் காலிபரேஷனுக்குப் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் சொன்னீர்கள்?

கிண்டி எச்ஆர்

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்பவன் நான். மல்லி சொன்ன வாக்கியத்தில் எங்களுக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன: எப்போது, கம்பெனி என்ன செய்தது, உங்கள் வேலை என்ன ஆனது. "நஷ்டத்தில் ஓடியது", "முதலாளி பணத்தை வேறு தொழிலில் போட்டுவிட்டார்" என்று காரணம் சேர்த்தால், அந்தக் காரணத்திலிருந்துதான் எங்கள் அடுத்த கேள்வி கிளம்பும்.

ஆனால் வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால் சிக்கல். எனக்கு வந்த ஒரு கேஸ் சொல்கிறேன். ஒரு பையன் "மார்ச்சில் கம்பெனி மூடிவிட்டது" என்றான். லெட்டரில் "ராஜினாமா ஏற்கப்பட்டது, ஜனவரி 31" என்று இருந்தது. இரண்டுமே உண்மை. மூடப்போகிறார்கள் என்று தெரிந்து இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஆனால் வெரிஃபிகேஷன் ஏஜென்சி அதை 'பொருந்தவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டது, நான் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அவன் சொல்லியிருக்க வேண்டியது: "யூனிட் மார்ச்சில் மூடப்படும் என்று அறிவித்தார்கள், நான் ஜனவரியில் விலகினேன்." மல்லி, உங்கள் லெட்டரில் என்ன போட்டிருக்கிறார்கள்?

அம்பத்தூர் மல்லி

'சொந்தக் காரணங்களால் ராஜினாமா' என்று போட்டிருக்கிறார்கள் சார். ஓசூர் என்ற பேச்சே அதில் இல்லை.

கிண்டி எச்ஆர்

அப்படித்தான் பெரும்பாலும் போடுவார்கள். 'நான் போகவில்லை' என்பதை 'நான் ராஜினாமா செய்தேன்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், அது போதும். ஓசூருக்கு வரச் சொல்லி மெயில் ஏதாவது வந்திருந்தால் பத்திரமாக வையுங்கள். கேட்டால் மட்டும் காட்டுங்கள், நீங்களாக நீட்ட வேண்டாம்.

ராணிப்பேட்டை ரவி

இவ்வளவு யோசனை எதற்கு? மூடிவிட்டது என்று சொன்னாலே ராசியில்லாத ஆள் என்று பார்ப்பார்கள். 'நல்ல வாய்ப்பு தேடி வந்தேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூடின கம்பெனிக்கு யார் போன் பண்ணி விசாரிக்கப்போகிறார்கள்? அப்புறம் இன்னொன்று, கம்பெனியே இல்லை என்றால் பிஎஃப்-ல் விலகிய தேதி ஏறாது. என் கணக்கு அப்படியேதான் கிடக்கிறது, ஒன்றும் பண்ண முடியாது.

கிண்டி எச்ஆர்

ரவி அண்ணே, போன் எடுக்க ஆள் இருக்காது என்பது சரி. ஆனால் ஏஜென்சிக்காரர்கள் போனை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தட்டினாலே `Strike Off` என்றோ `Under Liquidation` என்றோ நிலை தெரிந்துவிடும். பார்ட்னர்ஷிப், ஒற்றை முதலாளி கடை என்றால் அங்கே இருக்காது. அப்போது உங்கள் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் எல்லாம் கேட்பார்கள். கம்பெனி மூடியதும் அதே மாதம் நீங்கள் 'நல்ல வாய்ப்பு தேடி' வந்ததும் சேர்ந்து தெரிந்தால், எதற்கு மறைத்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது பழைய கதை. இப்போது தொழிலாளியே போட்டுக்கொள்ளலாம். யூஏஎன் போர்ட்டலில் `Manage`, அதற்குள் `Mark Exit`. ஆதாரில் இணைத்த மொபைலுக்கு ஓடிபி வரும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும், தேதியும் அந்தக் கடைசி மாதத்துக்குள்தான் போட முடியும். நிதானமாகப் போடுங்கள், அப்புறம் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை. இதிலும் ஒரு சிக்கல் வரும். ஜூன் வரை வேலை பார்த்தும் முதலாளி ஏப்ரலோடு பிஎஃப் கட்டுவதை நிறுத்தியிருந்தால், போர்ட்டலில் ஏப்ரல்தான் ஏறும். அந்த இரண்டு மாதத்துக்குச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

ராணிப்பேட்டை ரவி

சரி, அந்த `Mark Exit` பார்க்கிறேன். ராசி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

திருப்பூர் பனியன்

ஐயா, நான் சின்ன நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். அடுத்த மாதத்தோடு மூடப்போகிறோம். தொழிலாளர்களிடம் இதை ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் இங்கே வந்து படிக்கிறேன்.

அம்பத்தூர் மல்லி

அண்ணா, நாங்கள் பேசுவது புது வேலைக்குப் போகும்போது சொல்வதைப் பற்றி. 😀 ஆனால் நீங்களும் இங்கே தேவையான ஆள்தான்.

கிண்டி எச்ஆர்

நேரில் சொல்வதை நீங்களே உங்கள் வார்த்தையில் சொல்லிக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒரு கடிதம். லெட்டர்ஹெட்டும் சீலும் கையில் இருக்கும்போதே ஆளுக்கு ஒன்று கொடுங்கள்: சேர்ந்த தேதி, பார்த்த வேலை, கடைசி நாள். அதன் கீழே "யூனிட் மூடப்பட்டதால் பணி முடிவடைந்தது" என்று ஒரு வரி. ராஜினாமா என்று எழுதி வாங்காதீர்கள். கணக்கு முடித்துக் கொடுப்பது தனி விஷயம், அதற்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். உங்கள் சொந்த மொபைல் நம்பரையும் அதில் போட்டால் புண்ணியம், ஏஜென்சிக்காரன் கூப்பிட ஒரு ஆள் இருப்பார்.

திருப்பூர் பனியன்

நம்பர் போடலாம். கடன்காரரும் அதே நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார், பரவாயில்லை.

ஆவடி டீச்சர்

என் அனுபவம் வேறு மாதிரி. நான் வேலை பார்த்த நர்சரி பள்ளி கொரோனா சமயத்தில், 2020-ல் மூடியது. லெட்டர் இல்லை, பிஎஃப் இல்லை, சம்பளமும் கையில்தான். புதுப் பள்ளியின் விண்ணப்பத்தில் 'விலகிய காரணம்' என்ற கட்டத்தில் "பள்ளி மூடப்பட்டது, ஜூன் 2020" என்று மட்டும் எழுதினேன். மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்பதை நேர்முகத்தில் சொல்லவே இல்லை. நான் கேஸ் போடும் டைப் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். சான்றுக்கு முன்னாள் தலைமையாசிரியையின் நம்பரைக் கொடுத்தேன், அவரிடம் முன்பே சொல்லியும் வைத்தேன். அவர்கள் கூப்பிட்டார்கள், வேலையும் கிடைத்தது.

ராணிப்பேட்டை ரவி

மல்லி, ஒன்று கேட்கிறேன். 'குடும்பக் காரணத்தால்' என்று நீயே சொன்னால், நாளைக்கு நைட் ஷிஃப்ட்டுக்கும் வராது இந்தப் பொண்ணு என்று நினைக்கமாட்டார்களா? 'யூனிட் ஓசூருக்கு மாறியது' என்பதோடு நிறுத்தினால் என்ன?

கிண்டி எச்ஆர்

நிறுத்தலாம். ஆனால் லெட்டரில் ராஜினாமா என்று இருக்கிறதே. நான் மல்லி பக்கம்தான்.

ஆவடி டீச்சர்

நான் ரவி சார் பக்கம். ஆம்பளை யாரும் 'குடும்பக் காரணம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அம்பத்தூர் மல்லி

வெள்ளிக்கிழமை மறைமலை நகரில் இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது. அங்கே குடும்பத்தை விட்டுவிட்டு, "யூனிட் ஓசூருக்கு மாறியது, நான் சென்னையிலேயே இருக்க முடிவு செய்து ராஜினாமா செய்தேன்" என்று சொல்லிப் பார்க்கிறேன். என்ன கேட்டார்கள் என்று வந்து எழுதுகிறேன்.