டிவைடட் டிஃபரன்ஸ்: வகுத்த வேறுபாடா, பகுவேறுபாடா, வேறு சொல் உண்டா?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எண்ணியல் முறைகள் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். இடைச்செருகல், பல்லுறுப்புக்கோவை, வகைக்கெழு என்று பலவற்றுக்கும் புழக்கத்தில் சொல் இருக்கிறது. 'டிவைடட் டிஃபரன்ஸ்' வந்ததும் நின்றுவிட்டேன். சில குறிப்புகளில் 'வகுக்கப்பட்ட வேறுபாடு' என்று பார்த்தேன். ஒரு முறை எழுதலாம். ஆனால் 'மூன்றாம் வரிசை வகுக்கப்பட்ட வேறுபாடுகளின் அட்டவணை' என்று பக்கம் முழுக்க எழுதினால் படிப்பவர் மூச்சு வாங்கிவிடும்.

என் மனத்தில் இருப்பது 'பகுவேறுபாடு'. சுருக்கமாக இருக்கிறது. இதோடு, வளைவுக்கும் உண்மையான சார்புக்கும் இடையே விடுபடும் அளவுக்கு 'மீதி உறுப்பு' என்று வைக்கலாமா? இரண்டையும் பற்றிச் சொல்லுங்கள்.

கதிர் எழுதியது:

அக்கா, 'வேறுபாட்டு ஈவு' என்றே வைத்துவிடலாமே? செய்வதும் அதுதான். பக்கத்துப் பக்கத்து மதிப்புகளைக் கழித்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் இடைவெளியால் வகுக்கிறோம். அடுத்த வரிசைக்கும் அதே வேலை. பைத்தானில் நான் எழுதி வைத்திருப்பது:

```python
def dd(x, f):
    c = list(f)
    for k in range(1, len(x)):
        for i in range(len(x)-1, k-1, -1):
            c[i] = (c[i]-c[i-1])/(x[i]-x[i-1])
    return c
```

ஈவு என்றால் எல்லோருக்கும் புரியும்.

அருள்மணி எழுதியது:

தம்பி கதிர், முதல் வரிசைக்கு நீங்கள் சொல்வது சரி. இரண்டாம் வரிசையில் பிசகுகிறது. x-இன் வர்க்கமூலத்தை 1, 4, 9 என்ற புள்ளிகளில் எடுத்துக்கொள்வோம். மதிப்புகள் 1, 2, 3.

f[1,4] = 1/3. f[4,9] = 1/5. இதுவரை தொல்லை இல்லை. அடுத்து f[1,4,9] காண, 1/5-இலிருந்து 1/3-ஐக் கழித்தால் −2/15. இதை எதனால் வகுப்பது? உங்கள் நிரல் 9−4, அதாவது 5-ஆல் வகுக்கும். வகுக்க வேண்டியது 9−1, அதாவது 8-ஆல். கழிபடும் இரண்டிலும் 4 பொதுவாக இருக்கிறது. பொதுவாக இல்லாத இரு கோடிப் புள்ளிகளின் இடைவெளிதான் வகுக்கும் எண். ஆக f[1,4,9] = −1/60.

தவறியதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வளைவு

p(x) = 1 + (x−1)/3 − (x−1)(x−4)/60

இதில் x = 9 போட்டுப் பாருங்கள்: 1 + 8/3 − 40/60 = 3. புள்ளி வழியாகப் போகிறது. உங்கள் நிரல் தரும் −2/75-ஐப் போட்டால் 2.6 வரும். கடைசிப் புள்ளியில் வளைவு உட்காரவில்லை என்றால் அட்டவணையில் பிழை என்று வைத்துக்கொள்ளலாம். நிரலில் `x[i-1]` என்பதை `x[i-k]` ஆக்கினால் போதும்.

சொல்லுக்கு வருகிறேன். மலர்விழி அம்மா, 'பகு' என்றால் எனக்குக் கூறுபோடுவதுதான் தோன்றுகிறது. பகுபதம், பகா எண், பகுதி வகைக்கெழு எல்லாம் அந்தப் பொருளில் வருகின்றன. பகுவேறுபாடு என்று படிக்கும் மாணவர், வேறுபாட்டின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பது வகுத்தல். அதனால் 'வகுவேறுபாடு' என்கிறேன். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, காலமும் காட்டாது. 'வகுக்கப்பட்ட' என்ற நீளமும் போய்விடுகிறது.

செந்தில் எழுதியது:

வணக்கம். இழையின் தலைப்பைப் பார்த்து என் சிக்கலுக்கு விடை இருக்கும் என்று நினைத்தேன். வெப்பநிலை உணரி ஒன்றைச் சரிபார்க்கச் சம இடைவெளியில் 11 அளவீடுகள் எடுத்தேன். எல்லாப் புள்ளிகள் வழியாகவும் போகும் பத்தாம் படிக் கோவையைப் பொருத்தினேன். நடுவில் நன்றாக இருக்கிறது, முதல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் தாறுமாறாக ஆடுகிறது. நீங்கள் பேசும் 'மீதி உறுப்பு' இந்த ஆட்டத்தைச் சொல்லிவிடுமா?

அருள்மணி எழுதியது:

செந்தில், உங்கள் கேள்வி வேறு, ஆனால் இந்த இழைக்குப் பயன்படும். உங்களிடம் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் கலந்திருக்கின்றன.

ஒன்று, உணரியின் உண்மையான நடத்தை பத்தாம் படிக் கோவையாக இல்லாததால் விடுபடுவது. சம இடைவெளிப் புள்ளிகளில் படியை ஏற்றிக்கொண்டே போனால், மிக ஒழுங்கான சார்புக்கும் ஓரங்களில் வளைவு எகிறலாம் என்று கார்ல் ருங்கே 1901-இலேயே காட்டிவிட்டார்.

மற்றொன்று, அளவீட்டிலேயே இருக்கும் தவறு. உங்கள் 11 புள்ளிகளில் நடுப்புள்ளியின் அளவீடு மட்டும் 0.1 டிகிரி பிசகியது என்று வையுங்கள். முதல் இரண்டு புள்ளிகளுக்கு நட்டநடுவே அது ஏறக்குறைய 0.49 டிகிரியாகப் பெருகி நிற்கும். கணக்கிட்டே சொல்கிறேன், அந்த இடத்தில் பெருக்கம் 4.93. நடுவில் செய்த தவறு ஓரத்தில் ஐந்து மடங்காகத் தெரிகிறது.

நாம் பேர் தேடும் உறுப்பு முதலாவதை மட்டுமே சொல்லும். இரண்டாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பணிக்குப் படி குறைந்த கோவையை, புள்ளிகள் வழியாகப் போக வேண்டும் என்று வற்புறுத்தாமல் பொருத்துவதே நல்லது.

இதனால்தான் அந்த உறுப்பைப் 'பிழை' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பிழை என்ற சொல்லை அளவீட்டுத் தவறுக்கு விட்டுவிடலாம்.

மலர்விழி எழுதியது:

வகுவேறுபாடு எனக்குப் பிடித்துவிட்டது, ஐயா. ஒரு ஐயம் மட்டும். இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிட்டால் வகுக்க எண்ணே இல்லையே? சுழியால் வகுப்பதாகிவிடும். அப்போதும் அந்தப் பெயர் நிற்குமா?

'மீதி'க்கு என்ன குறை என்றும் சொல்லுங்கள்.

அருள்மணி எழுதியது:

நிற்கும் அம்மா. வர்க்கமூலத்தையே பாருங்கள். f[a,b] = (√b − √a)/(b − a). இதைச் சுருக்கினால் 1/(√a + √b). இந்த வடிவத்தில் a-யும் b-யும் ஒன்றானாலும் ஒரு கேடும் இல்லை. f[4,4] = 1/4. அது 4-இல் வர்க்கமூலத்தின் வகைக்கெழு. பொதுவாகச் சொன்னால், சார்பு போதிய அளவு வகையிடத்தக்கதாக இருந்தால், n-ஆம் வரிசை வகுவேறுபாடு என்பது புள்ளிகளுக்கு இடையே எங்கோ ஓரிடத்து n-ஆம் வகைக்கெழுவை n!-ஆல் வகுத்தது. வகு, வகை இரண்டும் ஒரே வேர். புள்ளிகள் நெருங்க நெருங்க வகுவேறுபாடு வகைக்கெழுவை நோக்கிப் போகிறது என்பதைச் சொல்லே காட்டிவிடும். 'வேறுபாட்டு ஈவு' சொன்னால் இந்த உறவு தெரியாது.

இப்போது மீதி. p(5) = 2.26667. உண்மையில் √5 = 2.23607. விடுபட்டது −0.0306. இதன் சரியான சூத்திரம்:

f(x) − p(x) = f[1,4,9,x] · (x−1)(x−4)(x−9)

x-ஐயும் ஒரு புள்ளியாகச் சேர்த்த வகுவேறுபாடுதான் அங்கே நிற்கிறது. இப்போது f ஒரு பல்லுறுப்புக்கோவை என்று வைத்து, அதை (x−1)(x−4)(x−9)-ஆல் நெடுக வகுத்துப் பாருங்கள். ஈவு f[1,4,9,x]. மீதி p(x). பள்ளியில் படிக்கும் மீதித் தேற்றமும் இதன் ஒற்றைப் புள்ளி வடிவம்தான். ஆக, நாம் பொருத்திய வளைவே மீதி. அதிலிருந்து விடுபட்டதற்கு மீதி உறுப்பு என்று பேர் வைத்தால், பொருள் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை 'எச்சம்'. இலக்கணத்தில் எச்சம் என்றால் முடிக்க இன்னொரு சொல் வேண்டி நிற்பது. இங்கேயும் இன்னொரு புள்ளி வேண்டி நிற்கிறது.

கதிர் எழுதியது:

நிரலைத் திருத்திவிட்டேன் ஐயா, 9-இல் 3 வருகிறது. ஆனால் எச்சமும் மீதியும் அகராதியில் ஒன்றுதானே? டெய்லர் தொடரிலும் கடைசி உறுப்பை மீதி என்றுதான் படித்தோம். எல்லாப் புள்ளிகளையும் ஓரிடத்தில் குவித்தால் இந்தச் சூத்திரம் டெய்லர் தொடராகிவிடும். அங்கே மீதி, இங்கே எச்சம் என்றால் மாணவர் குழம்புவார்.

இன்னொன்று. √5 நமக்குத் தெரியாது என்றால் எச்சத்தை எப்படி மதிப்பிடுவது? மூன்றாம் வகைக்கெழுவை வைத்துப் பார்த்தேன். 1 முதல் 9 வரை அதன் பெரும மதிப்பு 3/8, x = 1-இல். 6-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால் எச்சம் 1-ஐத் தாண்டாது என்று வருகிறது. உண்மை 0.03. இப்படி ஒரு வரம்பால் என்ன பயன்?

அருள்மணி எழுதியது:

டெய்லர் பற்றிய உங்கள் மறுப்பு நியாயமானது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை.

வரம்பு ஏன் இவ்வளவு தளர்வு என்றால், மூன்றாம் வகைக்கெழு 1-இல் மிகப் பெரிது, பிறகு வேகமாகச் சரிகிறது. சூத்திரம் 'எங்கோ ஓரிடத்தில்' என்றுதான் சொல்கிறது. x = 5-க்கு அந்த இடம் ஏறத்தாழ 4.03. நீங்கள் 1-இல் உள்ள மோசமான மதிப்பை எடுத்தீர்கள்.

வகைக்கெழுவே தெரியாதபோது, ஒரு புள்ளியைக் கூட்டி அடுத்த வகுவேறுபாட்டை எடுங்கள். முன் போட்ட கணக்கு எதையும் மாற்ற வேண்டாம், அட்டவணையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். 16-ஐச் சேர்த்தால் f[1,4,9,16] = 1/1260. எச்சத்தின் மதிப்பீடு −16/1260, அதாவது −0.0127. உண்மையில் பாதிகூட இல்லை. 16 தொலைவில் இருப்பதே காரணம். மாறாக 6.25-ஐச் சேருங்கள், வர்க்கமூலம் 2.5. வகுவேறுபாடு 0.001635 வருகிறது, மதிப்பீடு −0.0262. நெருங்கிவிட்டோம். புள்ளிகளை வரிசையாக அடுக்க வேண்டியதில்லை. 9-க்குப் பின் 6.25 வந்தாலும் விடை அதேதான். நியூட்டன் 1687-இல் வால்வெள்ளியின் பாதைக்காக இந்த முறையைத் தந்தபோதும் சமமற்ற இடைவெளிகளுக்கும் சேர்த்தே தந்தார்.

மலர்விழி எழுதியது:

வகுவேறுபாட்டை எடுத்துக்கொள்கிறேன். எச்சத்தைப் பொறுத்தவரை, இந்த இயலில் எச்சம் என்றும், டெய்லர் வரும் இடத்தில் 'மீதி என்றும் சொல்வர்' என்றும் எழுதப் போகிறேன். கதிருக்கு இது நிறைவு தராது என்று தெரியும்.

(x−1)(x−4)(x−9) என்ற பெருக்கத்துக்கும் ஒரு பேர் வேண்டும். 'கணுப்பெருக்கம்' எப்படி? கரும்புக்குக் கணு போல, அந்த இடங்களில் எல்லாம் எச்சம் இறுகிச் சுழியாகிறது.

கதிர் எழுதியது:

கோட்டுருவியலில் கணு ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறதே அக்கா. ஆனால் கரும்பை நினைத்தால் படம் மனத்தில் நிற்கிறது. செந்தில் அண்ணனின் 11 புள்ளிகளுக்கு இந்தப் பெருக்கத்தை வரைந்து பார்த்தேன். நடுவில் சிற்றலை, முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் இடையில் பெரிய வீக்கம்.